பூஸ்டர் வாங்கினேன், ஃபாயில் சுற்றினேன், ஆப்பும் போட்டேன்: பின்னறைக்கு மட்டும் வைஃபை வரவில்லை

சத்துவாச்சாரி முரளி · சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னால் ஹால், அடுத்து நடு அறை, அப்புறம் சமையல் கட்டு, கடைசியில் பின்னறை. ஃபைபர் பெட்டி ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் பிளான். பையன் பின்னறையில் உட்கார்ந்துதான் படிக்கிறான், அங்கேதான் நெட் இழுக்கிறது.

இதுவரை செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 899 ரூபாய்க்கு, பிளக்கில் செருகும் பூஸ்டர் ஒன்று வாங்கி பின்னறையில் மாட்டினேன். போனில் கோடு முழுசாகக் காட்டுகிறது, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் பையன் வேகம் கூட்டும் ஆப் ஒன்றைப் போட்டான். அதுவும் போதாமல் ஒரு வீடியோவைப் பார்த்து, சமையலறை ஃபாயிலை எடுத்து ரூட்டரின் இரண்டு கொம்பிலும் சுற்றிவிட்டேன். இப்போது ஹாலிலேயே குறைகிற மாதிரி தெரிகிறது. கம்பெனியில் கேட்டால் "லைன் சரியாக இருக்கிறது சார்" என்கிறார்கள். அடுத்து 4,000 ரூபாய் பூஸ்டர் வாங்கலாமா?

காட்பாடி ஹாஸ்டல்வாசி · சனி, இரவு 9.58

அண்ணா, ஃபாயில் சும்மா இல்லை. 2017இல் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். ரூட்டருக்குப் பக்கத்தில் உலோகப் பூச்சுள்ள ஒரு தகட்டை வைத்து சிக்னலை வேண்டிய பக்கம் திருப்பினார்கள். நிரூபிக்கப்பட்ட விஷயம். நீங்கள் இன்னும் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள்.

ஆரணி அக்கா · சனி, இரவு 10.05

கோடு முழுசாக இருக்கிறது, நெட் இல்லை. நம் ஊர் பாலாறு மாதிரி. ஆறு அகலமாகத்தான் இருக்கிறது, தண்ணீரைத்தான் காணோம்.

கொசப்பேட்டை பெரியவர் · சனி, இரவு 10.31

தம்பி முரளி, முதலில் அந்தக் கொம்பில் சுற்றியதைப் பிரித்து எடுங்கள். தம்பி ஹாஸ்டல்வாசி சொன்ன ஆராய்ச்சி உண்மைதான். ஆனால் அதில் கொம்பைச் சுற்றி மூடவில்லை. அந்த அறைக்கென்றே கம்ப்யூட்டரில் வளைவைக் கணக்கிட்டு, தகட்டை ரூட்டருக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினார்கள். கொம்பை மூடினால் அது கண்ணாடி இல்லை, மூடி. விளக்கின் மேல் பானையைக் கவிழ்த்துவிட்டு வெளிச்சம் எங்கே என்று தேடுகிற கதை.

நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பூஸ்டர் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு எங்கள் காலத்து டிரங்க் கால்தான் சரியான உதாரணம். லைன் பலவீனமாக இருந்தால் நடுவில் இருக்கும் ஆபரேட்டர் இந்தப் பக்கம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பச் சொல்வார். ஒரே வாய், ஒரே காது. கேட்கும்போது சொல்ல முடியாது, சொல்லும்போது கேட்க முடியாது. அதனால் ஒரு பேச்சுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். மலிவான பூஸ்டரில் ஒரே ரேடியோதான் இருக்கிறது, அதுவும் அப்படித்தான். எல்லாம் நன்றாக இருந்தாலும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

அது முதல் கதை. உங்கள் வீட்டில் நடப்பது அதைவிட மோசம். ஆபரேட்டரை எங்கே உட்கார வைத்தீர்கள்? ஹால் பேச்சு காதிலேயே விழாத பின்னறையில். அவர் உங்கள் பையனிடம் சத்தமாகப் பேசுகிறார், அதனால் கோடு முழுசாக இருக்கிறது. அவருக்கே ஹாலில் இருந்து ஒன்றும் கேட்கவில்லை, எதைச் சொல்வார்? போனில் தெரியும் கோடு போனுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் உள்ளது மட்டும். பூஸ்டருக்கும் ஹாலுக்கும் நடுவில் என்ன நிலைமை என்று அது காட்டாது.

4,000 ரூபாயை இப்போதைக்கு மடித்து உள்ளே வையுங்கள். நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். பூஸ்டரைக் கழற்றி வைத்துவிட்டு, நான்கு அறையிலும் நின்று சிக்னல் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று எழுதுங்கள். கோட்டைப் பார்க்காதீர்கள். சிக்னல் எண்ணைக் காட்டும் வைஃபை அனலைசர் ஆப் ஏதாவது போதும், அதில் `-60 dBm` என்கிற மாதிரி மைனஸில் வரும். மைனஸ் 50 நல்லது, மைனஸ் 67 வரை வேலை நடக்கும், மைனஸ் 80ஐத் தாண்டினால் நூலில் தொங்குகிறது என்று அர்த்தம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தனியாக, 5 கிகாஹெர்ட்ஸைத் தனியாகப் பாருங்கள். லேப்டாப் இருந்தால் பின்னறையில் இதையும் ஓட்டுங்கள்.

```
ping -n 20 192.168.1.1
ping -n 20 8.8.8.8
```

முதல் வரி உங்கள் ரூட்டர் வரை மட்டும் போய்த் திரும்பும். ரூட்டர் முகவரி வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். முதல் வரியிலேயே எண்கள் 3, 5 என்று இல்லாமல் 200, 400 என்று குதித்தாலோ, பதிலே வராமல் போனாலோ கோளாறு வீட்டுக்குள். முதல் வரி அமைதியாக இருந்து இரண்டாவது மட்டும் குதித்தால் கம்பெனியோடு சண்டை போடலாம்.

பேரணாம்பட்டு ஷாப் · சனி, இரவு 10.44

எங்கள் கடையில் ஜியோவும் வராது, ஏர்டெல்லும் வராது. மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து கீழே பெட்டி வைக்கிற பூஸ்டர் 6,500க்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். அதை வாங்கலாமா ஐயா?

கொசப்பேட்டை பெரியவர் · சனி, இரவு 10.52

பாய், அது வேறு சாமான். இங்கே பேசுவது வீட்டு வைஃபை பற்றி. நீங்கள் கேட்பது மொபைல் சிக்னல் பூஸ்டர். லைசென்ஸ் உள்ள டெலிகாம் கம்பெனி தவிர வேறு யாரும் அதை வாங்கி மாட்டுவது சட்டப்படி குற்றம். ஒரு கடையில் மாட்டினால் பக்கத்து டவரின் காதில் இரைச்சல் போய், தெரு முழுக்கப் பேச்சு அறுபடும். அதற்காகத்தான் தடை. கடைக்கு ஃபைபர் இணைப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள், வைஃபை வழியாகவே போன் பேசும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் இருக்கிறது.

சத்துவாச்சாரி முரளி · ஞாயிறு, மதியம் 1.15

ஐயா, எழுதிவிட்டேன். ஃபாயில் பிரிக்கும் முன் பின்னறையில் மைனஸ் 88. பிரித்த பிறகு மைனஸ் 83. ஆக நானே கெடுத்திருக்கிறேன்.

இனி ஃபாயிலும் பூஸ்டரும் இல்லாமல்: ஹாலில் 5இல் மைனஸ் 35, வேகம் 93. அதே இடத்தில் 2.4இல் வேகம் 41தான். நடு அறையில் 5இல் மைனஸ் 64, வேகம் 70, 2.4இல் மைனஸ் 57, வேகம் 30. சமையல் கட்டில் 5இல் மைனஸ் 80, வேகம் 9, 2.4இல் மைனஸ் 70, வேகம் 16. பின்னறையில் 5 பெயரே தெரியவில்லை, 2.4இல் மைனஸ் 83, வேகம் இரண்டு மூன்று.

பிங் முதல் வரியிலேயே 300, 180, இரண்டு தடவை பதிலே இல்லை. கம்பெனியைத் திட்டியது வீண் போலிருக்கிறது. எல்லாம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடு அறைச் சுவரை ஒட்டி இரும்பு பீரோ இரண்டு.

குடியாத்தம் தறிக்காரன் · ஞாயிறு, மதியம் 1.40

2.4ஐ மொத்தமாக அணைத்துவிடுங்கள். 5தான் வேகம். நான் அணைத்த பிறகு எங்கள் வீட்டில் பறக்கிறது. சேனலும் மாற்றுங்கள், எங்கள் தெருவில் எல்லோரும் 1, 6, 11 என்று கூட்டமாக இருந்தார்கள். நான் யாருமே இல்லாத 3இல் போட்டேன்.

கொசப்பேட்டை பெரியவர் · ஞாயிறு, மதியம் 2.20

தறிக்காரரே, உங்கள் வீடு இரண்டு அறை என்று நினைக்கிறேன், அங்கே நீங்கள் சொல்வது சரி. முரளி வீட்டில் 2.4ஐ அணைத்தால் பின்னறையில் இருக்கிற இரண்டு மூன்றும் போய்விடும். 5 வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். அவர் எழுதிய எண்ணிலேயே இருக்கிறது, நடு அறையில் 70, ஒரு சுவர் தாண்டினால் 9.

சேனல் 3 பற்றி. அது காலியாகத் தெரியும், காலி இல்லை. 2.4இல் ஒரு சேனலுக்குத் தேவையான அகலம் பக்கத்துச் சேனல்களிலும் வழியும். 3இல் உட்கார்ந்தால் 1இல் இருப்பவர் ஒரு பக்கம் இடிப்பார், 6இல் இருப்பவர் மறுபக்கம் இடிப்பார். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருப்பார்கள். பாதி ஒட்டிக்கொண்டு இருப்பவர்களுக்கு அடுத்தவர் பேச்சு வெறும் இரைச்சல்தான். அதனால் 1, 6, 11 மூன்றில் எது மெலிதாக இருக்கிறதோ அதில் போடுங்கள், சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்.

குடியாத்தம் தறிக்காரன் · ஞாயிறு, மதியம் 2.31

எனக்கு 3இல் நன்றாகத்தான் ஓடுகிறது, விடுங்கள்.

காட்பாடி ஹாஸ்டல்வாசி · ஞாயிறு, மாலை 4.05

அந்த ஆப் பெயரை முரளி அண்ணா உள்பெட்டியில் அனுப்பினார். நானும் ரூம்மேட்டும் இறக்கிப் பார்த்தோம். ஒரு வட்டம் சுற்றுகிறது, நீல நிறத்தில் ஒரு ராக்கெட் போகிறது, கடைசியில் "வேகம் 38 சதவீதம் கூடியது" என்று வருகிறது. ரூம்மேட்டுக்கு ஒரு யோசனை வந்தது. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு அதே பட்டனை அழுத்தினான். அப்போதும் ராக்கெட் போனது. "வேகம் 41 சதவீதம் கூடியது." நெட்டே இல்லாதபோது 41. ஹாஸ்டலே சிரித்தது.

லொகேஷன் கேட்டது, மற்ற ஆப்களின் மேல் படம் வரைய அனுமதி கேட்டது, இரண்டாவது தடவை திறந்தபோது முழுத் திரை விளம்பரம். வைஃபை பட்டியலைப் பார்க்க லொகேஷன் அனுமதி தேவைதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே படம் வரைய எதற்கு?

ஆரணி அக்கா · ஞாயிறு, மாலை 4.30

எனக்கு அப்படி ஒரு ஆப் போட்ட பிறகு நிஜமாகவே வேகம் கூடியது. பொய் சொல்லவில்லை.

காட்பாடி ஹாஸ்டல்வாசி · ஞாயிறு, மாலை 4.47

கூடியிருக்கலாம் அக்கா. ரேடியோவின் சக்தியை ஏற்ற சாதாரண ஆப்புக்கு ஆண்ட்ராய்டில் வழியே இல்லை. ஆனால் பழைய ஆண்ட்ராய்டில் சில ஆப்கள் பின்னால் ஓடுகிற மற்ற ஆப்களை நிறுத்தும். போட்டோ எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தாலோ, பெரிய அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தாலோ அது நின்ற உடனே வித்தியாசம் தெரியும். அதே பழைய ஆண்ட்ராய்டில் சில ஆப்கள் வைஃபையை அணைத்துத் திரும்பப் போடும். அப்போது போன் 2.4இல் இருந்து 5க்குத் தாவியிருக்கும். இரண்டையும் நாமே கையால் செய்யலாம், ராக்கெட் வேண்டாம்.

டிஎன்எஸ் மாற்றுகிற ஆப்களும் உண்டு. ஒரு தளத்தை முதல் தடவை திறக்கும்போது பெயரைத் தேடுகிற நேரம் கொஞ்சம் மிச்சமாகும். வீடியோ இறங்கும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கொசப்பேட்டை பெரியவர் · ஞாயிறு, மாலை 5.20

முரளி, இப்போது வரிசையாகப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னறை எண்ணை எழுதுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதலாவது, டிவிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியை வெளியே எடுத்து கதவு நிலை உயரத்துக்கு ஏற்றுங்கள். டிவிக்குள் உலோகம் நிறைய. கவனம், உள்ளே வரும் மெல்லிய ஃபைபர் வயரைச் சட்டென்று மடக்காதீர்கள், சாத்துக்குடி அளவு வளைவாவது இருக்கட்டும். உடைந்தால் பெட்டியில் `LOS` என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரியும், அப்புறம் ஆள் வந்துதான் சரி செய்ய வேண்டும். முடிந்தால் பீரோவுக்கு நேர்கோட்டில் இல்லாமல் தள்ளி வையுங்கள்.

இரண்டாவது, ஆசைக்கு ஃபாயிலையும் சரியாகச் செய்து பாருங்கள். ஒரு அட்டையில் ஃபாயிலை ஒட்டி, முறம் மாதிரி லேசாக வளைத்து, கொம்புக்குப் பின்னால் மூன்று சென்டிமீட்டர் போல தள்ளி நிறுத்துங்கள். குழிந்த பக்கம் பின்னறையைப் பார்க்க வேண்டும். பளபளப்பான பக்கமா மங்கின பக்கமா என்று கவலைப்படாதீர்கள், ரேடியோ அலைக்கு இரண்டும் ஒன்று. வீட்டு ஃபாயிலின் தடிமன் போதும்.

மூன்றாவது, அந்த 899 பூஸ்டரை நடு அறைக்குக் கொண்டுவாருங்கள். அது ஹாலை நன்றாகக் கேட்கிற இடம் அதுதான்.

லாட்ஜ் மேனேஜர் · ஞாயிறு, இரவு 8.10

நான் ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு லாட்ஜ் பார்த்துக்கொள்கிறேன். வெளி மாநிலத்தில் இருந்து வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள், ராத்திரி ஆனால் எல்லோரும் ஊருக்கு வீடியோ கால். மூன்று மாடி, மாடிக்கு இரண்டு பூஸ்டர் மாட்டியிருக்கிறோம். கூடக் கூட வேகம் குறைகிறது. போனில் பார்த்தால் முப்பதுக்கு மேல் வைஃபை பெயர். நாங்களும் ஃபாயில் வைக்கலாமா?

கொசப்பேட்டை பெரியவர் · ஞாயிறு, இரவு 8.35

உங்களுக்கு ஃபாயில் எந்த மூலைக்கும் போதாது. ஆறு பூஸ்டரும் எந்த சேனலில் இருக்கின்றன? ஒரே ரேடியோ உள்ள பூஸ்டர் தாய் ரூட்டரின் சேனலிலேயே இருந்தாக வேண்டும். ஆக ஆறு பேர், ஒரே சேனலில், ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதோடு தெருவில் உள்ள மற்ற லாட்ஜ்களும். காற்றில் இடமே இல்லை. மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து, அதன் முனையில் வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை வைத்து, 5ஐ முதன்மையாகப் பயன்படுத்துவதுதான் வழி. அறைகளின் எண்ணிக்கை தெரியாமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. இதைத் தனிப் பதிவாகப் போட்டுக் கேளுங்கள்.

சத்துவாச்சாரி முரளி · திங்கள், இரவு 9.05

வரிசையாகச் செய்தேன் ஐயா. வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பெட்டியை மேலே ஏற்றி இரண்டடி தள்ளி வைத்ததும் பின்னறை மைனஸ் 83இல் இருந்து மைனஸ் 76க்கு வந்தது, வேகம் 7, 8. பைசா செலவில்லை. இதை இரண்டு வருடமாகச் செய்யவில்லையே என்று இருக்கிறது.

சேனலை 6இல் இருந்து 11க்கு மாற்றினேன். பகலில் வித்தியாசம் இல்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒன்றிரண்டு கூடுகிறது.

ஃபாயில் முறம் செய்து வைத்தேன். பின்னறை மைனஸ் 72, வேகம் 11. அட, வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பத்து நிமிஷத்தில் மாடியில் இருந்து அண்ணி இறங்கி வந்துவிட்டார், சீரியல் நின்றுவிட்டதாம். மேலே போய் அளந்தால் மைனஸ் 66 இருந்தது மைனஸ் 74 ஆகியிருக்கிறது, 18 வந்த இடத்தில் 9. ஃபாயிலை எடுத்துவிட்டேன்.

காட்பாடி ஹாஸ்டல்வாசி · திங்கள், இரவு 9.20

அந்த ஆராய்ச்சியை ஒழுங்காகப் படித்தேன். ஒரு பக்கம் கூட்டுவது மட்டுமில்லை, இன்னொரு பக்கம் வேண்டுமென்றே குறைப்பதும் அதன் நோக்கம். சிக்னல் வீட்டுக்கு வெளியே போகாமல் இருக்க. ஃபாயில் புதிதாக எதையும் உண்டாக்காது, மாடிக்குப் போவதைப் பிடுங்கிப் பின்னறைக்குக் கொடுக்கிறது. அண்ணா வீட்டில் அண்ணிதான் அதைக் கண்டுபிடித்தார். முதல் நாள் நான் சொன்னது அரைகுறை, மன்னிக்கவும்.

குடியாத்தம் தறிக்காரன் · திங்கள், இரவு 9.26

மாடியில் யாரும் இல்லாதவர்கள் வைக்கலாம் இல்லையா?

கொசப்பேட்டை பெரியவர் · திங்கள், இரவு 9.40

தாராளமாக. ரூட்டர் வீட்டின் ஓரத்துச் சுவரில் இருந்து, பின்பக்கம் தெருதான் என்றால் ஃபாயில் முறம் நல்ல கைவைத்தியம். ரூட்டர் கேட்பதற்கும் அதே முறம் உதவும், போனில் இருந்து வரும் மெல்லிய சிக்னலையும் கூட்டித் தரும். ஆனால் கொம்பு வெளியே தெரியாத பெட்டிகளில் உள்ளே ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று தெரியாது. அங்கே குத்துமதிப்புதான், வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

முரளி, பூஸ்டர் என்ன ஆயிற்று?

சத்துவாச்சாரி முரளி · திங்கள், இரவு 9.52

ஃபாயில் இல்லாமல், பூஸ்டர் நடு அறையில். பின்னறையில் கோடு முன்பு போல முழுசாக இல்லை, மைனஸ் 68தான். ஆனால் வேகம் 12. கோடு குறைந்தது, வேகம் கூடியது! நீங்கள் சொன்ன டிரங்க் கால் அப்போதுதான் புரிந்தது.

ஒரு வினோதம். சமையல் கட்டில் பூஸ்டர் இல்லாமல் 16 வந்தது, பூஸ்டர் வழியாக 14. அங்கே மட்டும் குறைகிறது.

கொசப்பேட்டை பெரியவர் · திங்கள், இரவு 10.10

வினோதம் இல்லை. சமையல் கட்டுக்கு ஹால் நேராகவே கேட்கிறது, நடுவில் ஆள் தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் ஆபரேட்டர் புகுந்தால் நேரம்தான் வீண்.

12இல் பையன் வகுப்பு பார்க்கலாம். அதோடு நிறுத்தினாலும் சரி. இரண்டு ரேடியோ உள்ள பூஸ்டரில் ஹாலோடு 5இல் பேசி, பின்னறைக்கு 2.4இல் சொல்லும், இந்தப் பாதியாகும் தொல்லை குறையும். 4,000 ரூபாய்க்கு நீங்கள் பார்த்தது அந்த வகையாக இருக்கலாம். ஆனாலும் நான் வாங்கமாட்டேன். பழைய ரூட்டர் ஏதாவது பரணில் கிடக்கிறதா?

சத்துவாச்சாரி முரளி · திங்கள், இரவு 10.14

ஃபைபர் வருவதற்கு முன் வைத்திருந்தது ஒன்று இருக்கிறது. 2.4 மட்டும் வரும்.

கொசப்பேட்டை பெரியவர் · திங்கள், இரவு 10.40

அதுவே போதும். ஹாலில் இருந்து பின்னறைக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள், கேட் 5இ அல்லது கேட் 6. எலக்ட்ரீஷியன் கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே நுழைத்துவிடலாம் என்பார், வேண்டாம். பழைய கேபிள் டிவி வயர் போன ஓட்டை இருந்தால் அது நல்லது. மாடி கைப்பிடிச் சுவர் வழியாகப் போனால் வெளியில் போடுகிற கறுப்பு உறைக் கேபிளாக வாங்குங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் சாதாரண உறை இரண்டு வருடத்தில் அப்பளமாகிவிடும். கடையில் முழுச் செம்பா, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சா என்று கேட்டு, முழுச் செம்பு வாங்குங்கள்.

பழைய ரூட்டரை முதலில் லேப்டாப்போடு மட்டும் இணைத்து இரண்டு மாற்றம். அதன் முகவரியை `192.168.1.2` என்று வையுங்கள், போன்களுக்கு முகவரி கொடுக்கும் `DHCP` என்பதை `Disable` செய்யுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஹாலில் உள்ளது போலவே கொடுக்கலாம், சேனல் மட்டும் வேறு, ஹாலில் 11 என்றால் இங்கே 1. அப்புறம் ஹாலில் இருந்து வரும் கேபிளைப் பழைய ரூட்டரின் `LAN` ஓட்டையில் செருகுங்கள். நிறம் வேறாக இருக்கும் `WAN` ஓட்டையில் இல்லை.

சத்துவாச்சாரி முரளி · வியாழன், இரவு 8.30

லாங் பஜாரில் 22 மீட்டர் கேபிள் வாங்கி, பழைய டிவி வயர் ஓட்டை வழியாகவே இழுத்தாகிவிட்டது. கேபிளும் முனைகளும் ஆள் கூலியும் சேர்த்து 1,150.

முதல் நாள் மானம் போனது. மனைவி போனில் நெட் வருகிறது, பையன் போனில் "இணைக்கப்பட்டது, இன்டர்நெட் இல்லை". அப்புறம் மாடியில் அண்ணிக்கும் போய்விட்டது. பின்னறை ரூட்டரைக் கழற்றினால் எல்லாம் சரியாகிறது. மறுபடி அண்ணி இறங்கி வந்தார்.

காட்பாடி ஹாஸ்டல்வாசி · வியாழன், இரவு 8.41

நெட் வராத போனில் வைஃபை விவரத்துக்குள் போய் `Gateway` என்ன என்று பாருங்கள். `192.168.1.2` என்று இருந்தால் பழைய ரூட்டரில் `DHCP` அணையவில்லை. அது தானும் முகவரி கொடுத்துக்கொண்டு, "இன்டர்நெட்டுக்கு என் வழியாகப் போ" என்று சொல்கிறது. அதற்கே வழி தெரியாது. எந்தப் போனுக்கு யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அதைப் பொறுத்து சிலருக்கு வரும், சிலருக்கு வராது.

சத்துவாச்சாரி முரளி · வியாழன், இரவு 9.20

அதேதான் தம்பி! முகவரியை மாற்றி சேவ் செய்ததும் ரூட்டர் தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டது, `DHCP` பக்கத்தை நான் சேவ் செய்யவே இல்லை. இப்போது எல்லோருக்கும் வருகிறது. பின்னறையில் வைஃபையில் 40, பையன் கம்ப்யூட்டரை அதே ரூட்டரில் வயரில் செருகினால் 94. பிங் முதல் வரி எல்லாம் ஒன்று, இரண்டு.

பூஸ்டரைக் கழற்றி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் சத்துவாச்சாரி வந்து எடுத்துக்கொள்ளலாம், 300 கொடுங்கள்.

ஆரணி அக்கா · வியாழன், இரவு 9.33

இவ்வளவும் படித்த பிறகு 300 கேட்கிறீர்களே.

சத்துவாச்சாரி முரளி · வெள்ளி, இரவு 9.10

ஒன்று மட்டும் பாக்கி. ஹாலில் இருந்து போனோடு பின்னறைக்கு நடந்து வந்தால், போன் ஹால் ரூட்டரையே பிடித்துக்கொண்டு இருக்கிறது. பழைய ரூட்டர் தலைக்கு மேலே இருக்கிறது, ஆனால் வேகம் 6. வைஃபையை அணைத்துப் போட்டால் 40.

காட்பாடி ஹாஸ்டல்வாசி · வெள்ளி, இரவு 9.25

எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான், ரூட்டர் இல்லை. சில போன் சட்டென்று மாறும், சிலது கடைசி வரை விடாது. நான் என்றால் பின்னறைக்கு வேறு பெயர் வைத்துவிடுவேன்.

கொசப்பேட்டை பெரியவர் · வெள்ளி, இரவு 9.50

வேறு பெயர் வைத்தால் ஒவ்வொரு தடவையும் கையால் மாற்ற வேண்டும், எனக்கு அது பிடிக்கவில்லை. ஹால் பெட்டியில் 2.4இன் சக்தியைக் குறைக்க வழி இருக்கிறதா பாருங்கள், `Transmit Power` என்று இருக்கும். ஹால் குரல் சமையல் கட்டோடு நின்றுவிட்டால் போன் தானாக விடும். ஆனால் மாடிக்குப் போவதும் குறையும்.

சத்துவாச்சாரி முரளி · வெள்ளி, இரவு 9.58

அப்படி ஒரு இடம் இருக்கிறது, 100, 75, 50 என்று காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஊருக்குப் போகிறார். அப்போது 75இல் வைத்து மாடியையும் அளந்துவிட்டு எழுதுகிறேன்.